60 லட்சம் விற்பனை, 90 ஆயிரம் லாபம்: மளிகைக் கடையின் லாப நட்டக் கணக்கை எப்படிப் படிப்பது?

அருப்புக்கோட்டை மளிகை

வணக்கம். கடை என் ஒருத்தன் பேரில்தான், பங்குதாரர் கிடையாது. ஜிஎஸ்டி ரெகுலர். 2024-25 கணக்கை ஆடிட்டர் ஆபீஸில் முடித்துத் தந்துவிட்டார்கள். உள்ளதை அப்படியே போடுகிறேன், எல்லாம் ஜிஎஸ்டி நீங்கலாக.

விற்பனை 60,00,000
தொடக்க இருப்பு 5,80,000
கொள்முதல் 52,40,000
வரத்து வண்டி வாடகை, கூலி 48,000
இறுதி இருப்பு 6,20,000
மொத்த லாபம் 7,52,000

கடை வாடகை 1,44,000
கடைப் பையன் சம்பளம் 1,92,000
மின்சாரம் 66,000
கவர், பை 36,000
வங்கி வட்டி 42,000
தேய்மானம் 18,000
பெட்ரோல் 30,000
போன் 9,000
கணக்கு எழுதும் கட்டணம் 10,000
இதர செலவு 1,15,000
நிகர லாபம் 90,000

இரண்டு கேள்வி. சரக்குமேல் சராசரியாக 17 சதவீதம் வைத்துத்தான் விற்கிறேன். கணக்கில் 12.5 சதவீதம்தான் வருகிறது. கல்லாவில் நிற்கும் பையன்மேல் சந்தேகமாக இருக்கிறது. அடுத்தது, வருஷம் முழுக்க நின்று 90 ஆயிரம்தான் என்றால் கடையை நடத்துவதில் அர்த்தம் இருக்கிறதா?

கல்லாப்பெட்டி

தம்பி, 90 ஆயிரம்கூட இல்லை. உங்க சம்பளத்தை நீங்க எழுதவே இல்லையே. வேற கடையில நின்னா மாசம் 25,000 தரமாட்டானா? வருஷத்துக்கு 3 லட்சம் செலவுல சேருங்க. 2,10,000 நட்டம் வருது. பூட்டிட்டு வேலைக்குப் போறதுதான் புத்திசாலித்தனம்.

ஐந்தொகை

அவசரப்பட்டுப் பூட்டச் சொல்லாதீங்க அண்ணே. முதலாளி சம்பளம்னு நீங்க சொல்ற யோசனை சரி, அது வரவேண்டிய இடம் இது இல்லை. ஒரே ஆள் கடையில முதலாளி எடுக்கிற பணம் எதுவும் செலவு ஆகாது, எடுப்புதான். கூட்டு வியாபாரமா இருந்து பத்திரத்துல சம்பளம்னு எழுதியிருந்தா கதை வேற. உங்க 25,000 கணக்கைக் கடைசியில தனித்தாள்ல போடலாம். அதுக்கு முன்னாடி இந்த 90,000 உண்மையான்னு பார்க்கணும். எனக்கு உண்மைன்னு தோணலை.

தம்பி, முதல்ல 17 சதவீத விஷயம். 100 ரூபாய்க்கு வாங்கி 117க்கு விக்கிறீங்க. 17 சதவீதம்ங்கிறது வாங்கின 100க்கு. ஆடிட்டர் தாள்ல இருக்கிற 12.5 விற்ற தொகைக்கு. 117ல 17ன்னா 14.5 சதவீதம். அதனால உங்க சந்தேகத்துல பாதி இங்கேயே கழிஞ்சுபோச்சு. ஒப்பிட வேண்டியது 17ஐயும் 12.5ஐயும் இல்லை, 14.5ஐயும் 12.5ஐயும். 60 லட்சத்துல அந்த 2 சதவீதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இன்னும் பெரிய தொகைதான். ஆனா பையனைக் கேட்கிறதுக்கு முன்னாடி நீங்களே பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. வீட்டுக்கு அரிசி, எண்ணெய், சோப்பு எங்கிருந்து போகுது?

அதோட, ஆடிட்டர் ஆபீஸ்ல மூணு கணக்கோட லெட்ஜரைக் கேட்டு வாங்குங்க: இதர செலவு, மின்சாரம், நீங்க கடையில போட்ட முதலைக் காட்டுற உங்க முதல் கணக்கு. லாப நட்டத் தாள்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரிதான் இருக்கும். உள்ளே என்ன கிடக்குதுன்னு லெட்ஜர்லதான் தெரியும்.

அருப்புக்கோட்டை மளிகை

வீட்டுச் சாமான் எல்லாம் கடையிலிருந்துதான், சார். பில் போடுவதில்லை. வாங்கின விலைக்கு மாசம் 7,000 அளவுக்கு இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

லெட்ஜர் வாங்கிவிட்டேன். இதர செலவு 1,15,000க்குள் பிள்ளைகள் ஸ்கூல் பீஸ் 62,000, எல்ஐசி பிரீமியம் 24,000 இருக்கிறது. மீதி 29,000 டீ, பூஜை, தீபாவளிக்குப் பையனுக்குத் துணி, தராசு முத்திரைக் கட்டணம், சில்லறை ரிப்பேர். எல்லாம் கடை அக்கவுண்டிலிருந்து ஜிபேயில் போனவை.

மின்சாரத்தில் 12 பதிவு இருக்கிறது.

ஐந்தொகை

12 பதிவா? மின்வாரியம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் பில் போடும். ஒரு இணைப்புக்கு வருஷத்துக்கு 6தான் வரணும். இணைப்பு எண்ணைப் பாருங்க, வீட்டுக் கரண்ட்டும் சேர்ந்திருக்கும்.

அருப்புக்கோட்டை மளிகை

ஆமாம் சார். கடை 6 பில் சேர்ந்து 36,000, வீடு 6 பில் சேர்ந்து 30,000. ஒரே போனில் கட்டினேன்.

ஐந்தொகை

அப்போ தாளைத் திருப்பி எழுதலாம். மேல இருந்து வருவோம்.

வீட்டுக்குப் போன சரக்கு வருஷத்துக்கு 84,000. வாங்கும்போது கொள்முதல்ல ஏறியிருக்கு. விற்பனையில வரலை, கடைசி இருப்பிலயும் இல்லை. கணக்கைப் பொறுத்தவரைக்கும் அது வித்த சரக்கோட அடக்கத்துல சேர்ந்துபோச்சு. அதனால மொத்த லாபம் 84,000 குறைவா தெரியுது. கொள்முதல்ல இருந்து அதைக் கழிச்சா மொத்த லாபம் 8,36,000, விற்பனையில 13.9 சதவீதம்.

இப்போ எதிர்பார்த்தது 14.5, இருக்கிறது 13.9. மிச்ச இடைவெளி சுமார் 36,000. வண்டி வாடகை, கூலி 48,000 இருக்கே, நீங்க 17 சதவீதத்தைப் பில் விலைமேல வைக்கிறீங்களா, வண்டிக்கூலியும் சேர்த்தா?

அருப்புக்கோட்டை மளிகை

பில் விலைமேல்தான். வண்டிக்கூலியை யார் மூட்டை மூட்டையாகப் பிரித்துப் போடுவது?

ஐந்தொகை

அதுதான் அந்த இடைவெளி. வண்டிக்கூலி இல்லாம வித்த சரக்கோட அடக்கம் 51,16,000. அதுக்கு 17 சதவீதம் ஏத்தினா 59,86,000 வரும். உங்க விற்பனை 60 லட்சம். பையன்மேல பழி போட இந்தத் தாள்ல ஆதாரம் இல்லை. திருட்டே நடக்கலைன்னு இந்தத் தாள் சர்டிபிகேட் தராது, அதுவேற விஷயம். எங்கே ஓட்டை இருந்தா எங்கே தெரியும்னு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. சரக்கு காணாமப் போனாலும், பில் போடாம வித்துக் காசை எடுத்தாலும் மொத்த லாபத்துல இடிக்கும். பில் போட்ட காசு கல்லாவுல குறைஞ்சா மொத்த லாபம் அசையாது. ராத்திரி கல்லா எண்ணும்போது குறையும், அதைச் சரிக்கட்ட யாராவது "இதர செலவு"ன்னு எழுதுவாங்க. இதர செலவு பெருத்துக்கிட்டே போனா லெட்ஜரைத் திறந்து பார்க்கணும்ங்கிறது அதனாலதான்.

அடுத்து செலவு. 6,62,000ல ஸ்கூல் பீஸ் 62,000, எல்ஐசி 24,000, வீட்டுக் கரண்ட் 30,000, மூணையும் வெளியே எடுங்க. கடைச் செலவு 5,46,000. 8,36,000ல இதைக் கழிச்சா நிகர லாபம் 2,90,000.

90,000 இல்லை, 2,90,000. நடுவுல இருந்த 2 லட்சம் முழுக்க எடுப்பு. அதுல 84,000 கொள்முதலுக்குள்ளயும் 1,16,000 செலவுக்குள்ளயும் ஒளிஞ்சிருந்துச்சு.

ஜெராக்ஸ் கடை

எதுக்கு இவ்வளவு சுத்தணும்? 2 கோடிக்குள்ள விற்பனைன்னா 2024-25க்கு வருமான வரியில 44AD இருக்கு. ரொக்கத்துக்கு 8 சதவீதம், பேங்க் வழியா வந்ததுக்கு 6 சதவீதம் லாபம்னு காட்டிட்டுப் போயிடலாம். எனக்கு ஸ்டேஷனரி, ஜெராக்ஸ், சொந்தக் கட்டடம். லாப நட்டக் கணக்கே போடுறது கிடையாது. செலவு பில் எதுவும் வைக்க வேண்டாம். உங்களுக்கு 6 சதவீதம்னா 3,60,000 காட்டலாம்.

ஐந்தொகை

அவர் கேட்டது வரி ரிட்டர்ன் பத்தி இல்லை சார். 3,60,000ங்கிறது வரித்துறை ஒத்துக்கிற கணக்கு, கடை சம்பாதிச்ச கணக்கு இல்லை. உங்க கடையிலயும் அதே நிலைமைதான். சொந்தக் கட்டடத்துல இருக்கிறதால வாடகைன்னு ஒரு செலவு விழுறதில்லை, அந்த அளவுக்கு லாபம் கொழுத்துத் தெரியும். அதே இடத்தை வெளியே விட்டா வர்ற வாடகையைக் கழிச்சுப் பார்த்தாத்தான் ஜெராக்ஸ் மெஷின் எவ்வளவு சம்பாதிக்குதுன்னு தெரியும்.

பில்லிங் அக்கா

வீட்டுச் சாமானுக்கு ஒரு வழி சொல்றேன். பில்லிங் சாஃப்ட்வேர்ல "வீடு"ன்னு கஸ்டமர் பேர் போட்டு விக்கிற விலைக்குப் பில் அடிக்கிறாங்க நிறைய கடையில. அப்படிச் செஞ்சா நம்ம வீட்டுக்கு வித்து நாமே லாபம் சம்பாதிச்ச மாதிரி ஆயிடும். 84,000 சரக்கு 98,000 விற்பனையா ஏறி, இல்லாத 14,000 லாபம் உள்ளே வரும். அடக்க விலைக்கு எடுத்து, எடுப்புக் கணக்குல பற்று, கொள்முதல்ல வரவுன்னு மாசக் கடைசியில ஒரே பதிவு போதும். கவுன்டர் பக்கத்துல 40 பக்க நோட்டு ஒண்ணு தொங்கவிட்டு, எடுக்கிறவங்க எழுதிட்டு எடுக்கணும். "25 கிலோ அரிசி சிப்பம் 1, கடலெண்ணெய் 2 லிட்டர்", அவ்வளவுதான். விலையை அப்புறம் கொள்முதல் பில் பார்த்துப் போட்டுக்கலாம்.

ரெகுலர் ஜிஎஸ்டின்னா இன்னொண்ணு. சொந்த உபயோகத்துக்கு எடுத்த சரக்குக்கு உள்ளீட்டு வரி எடுக்கக் கூடாது. எடுத்திருந்தா அந்த அளவுக்குத் திருப்பணும். பாக்கெட் போடாம லூசா வர்ற அரிசி, பருப்புக்கு வரி இல்லை, அதுல பிரச்சனை வராது. சோப்பு, பேஸ்ட், பிஸ்கட்டுக்கு உண்டு.

கல்லாப்பெட்டி

அக்கா, நோட்டெல்லாம் ஒரு வாரம் ஓடும். அப்புறம் யாரும் எழுதமாட்டாங்க.

பில்லிங் அக்கா

அதுவும் நடக்கும். அப்போ மாசத்துக்கு ஒரே தடவை, முதல் தேதியில மாசச் சாமான் முழுக்க லிஸ்ட் போட்டு எடுத்துடுங்க. நடுவுல ஆத்திர அவசரத்துக்கு எடுக்கிறது சின்னத் தொகையாத்தான் இருக்கும்.

கல்லாப்பெட்டி

சரி, அந்த 30,000 பெட்ரோலை ஏன் விட்டீங்க ஐந்தொகை? அதே வண்டியிலதானே பிள்ளைங்களை ஸ்கூல்ல விடுவாரு? போனும் அப்படித்தான்.

ஐந்தொகை

வேணும்னேதான் விட்டேன். கேட்டா பாதிப் பாதின்னு சொல்வாங்க, அதுக்கு எந்த ஆதாரமும் இருக்காது. ஒரு மாசம் கிலோமீட்டர் எழுதிப் பார்த்தா ஒரு விகிதம் கிடைக்கும். 10,000 அங்கேயோ இங்கேயோ போறதால முடிவு மாறாது. முடிவை மாத்துற தொகை எடுப்புக் கணக்குல இருக்கு. தம்பி, உங்க முதல் கணக்கை இன்னும் போடலையே?

பில்லிங் அக்கா

நான் இதுல உங்களோட ஒத்துப்போகலை. 10,000தான்னு விட்டா அடுத்த வருஷம் வண்டி மாறும், இன்சூரன்ஸ் சேரும், டியூ சேரும், எல்லாம் பெட்ரோல் தலைப்புலேயே வந்து உக்காரும். விகிதம் தோராயமா இருந்தாலும் முதல் வருஷமே பிரிச்சிடணும்.

அருப்புக்கோட்டை மளிகை

முதல் கணக்கு இப்படி இருக்கிறது.

01-04-2024 அன்று முதல் 8,40,000
கூட்டு: நிகர லாபம் 90,000
கழி: எடுப்பு 3,60,000
31-03-2025 அன்று முதல் 5,70,000

எடுப்பு என்பது மாசம் வீட்டுக்குக் கொடுக்கும் 30,000. இதை லாப நட்டக் கணக்கில் எங்கேயும் காணோம், அதனால் கவனிக்கவில்லை.

ஐந்தொகை

லாப நட்டக் கணக்குல அது வராது, வரவும் கூடாது. பேலன்ஸ் ஷீட்ல உங்க முதல் கணக்குலதான் கழியும். லாபத் தாளை மட்டும் கையில வச்சுக்கிட்டு கடையை எடைபோட முடியாதுன்னு சொல்றது அதனாலதான்.

இப்போ ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. வெளிப்படையா எடுத்தது 3,60,000. ஒளிஞ்சிருந்தது 2,00,000. மொத்தம் 5,60,000. கடை சம்பாதிச்சது 2,90,000. மிச்ச 2,70,000 நீங்க போட்ட முதலுக்குள்ள இருந்து போயிருக்கு. 8,40,000ல 2,90,000 கூட்டி 5,60,000 கழிச்சாலும் அதே 5,70,000தான் வரும். ஸ்கூல் பீஸைச் செலவுன்னு எழுதினாலும் எடுப்புன்னு எழுதினாலும் கடைசி முதல் மாறாது. மாறுறது நாம கடையைப் பத்தி எடுக்கிற முடிவு. பழைய தாளைப் பார்த்தா கடை ஓடலைன்னு தோணும். திருத்தின தாள்ல கடை சுமாரா ஓடுது, வீடு அதைவிட வேகமா ஓடுதுன்னு தெரியுது.

பேலன்ஸ் ஷீட்ல சப்ளையர் பாக்கியும் பேங்க் இருப்பும் போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு?

அருப்புக்கோட்டை மளிகை

சப்ளையர் பாக்கி 2,10,000 இருந்தது 4,30,000 ஆகியிருக்கிறது. விருதுநகர் பருப்புக் கடையில் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பேங்க், ரொக்கம் சேர்த்து 1,95,000 இருந்தது 53,000. வாடிக்கையாளர் பாக்கி 10,000 கூடியிருக்கிறது. லோனில் அசல் 60,000 கட்டியிருக்கிறேன். அதுவும் செலவில் இல்லையே?

ஐந்தொகை

அசல் செலவு இல்லை, எடுப்பும் இல்லை. கடனை அடைச்சீங்க, அவ்வளவுதான். வட்டி 42,000 மட்டும் செலவு. ஆனா கல்லாவுல இருந்து காசு போனது போனதுதான்.

பணம் எப்படி வந்தது பாருங்க. சப்ளையர்கிட்ட பாக்கி வச்சது 2,20,000, பேங்க்ல இருந்து உருவினது 1,42,000, சேர்த்து 3,62,000. போன வழி: லாபத்துக்குமேல எடுத்தது 2,70,000, லோன் அசல் 60,000, சரக்கு கூடினது 40,000, வாடிக்கையாளர் பாக்கி 10,000. கூட்டினா 3,80,000 வரும். அதுல தேய்மானம் 18,000த்தைக் கழிச்சுக்குங்க, செலவுன்னு எழுதினாலும் யாருக்கும் காசு கொடுக்கலையே. 3,62,000, நேரா உக்காருது. விருதுநகர்க்காரர் கேட்கிற பாக்கியில பெரும்பகுதி பருப்பு வாங்கின பாக்கி இல்லை, வீட்டுச் செலவுக்கு அவர் தெரியாமக் கொடுத்த கைமாத்து.

கல்லாப்பெட்டி

இது புரியுது. ஆனா என் கேள்வி அப்படியேதான் இருக்கு. 2,90,000ல அவரோட உழைப்புக்குக் கூலி எவ்வளவு?

ஐந்தொகை

இப்போ கேளுங்க, இப்போ கேட்கிறதுதான் நியாயம். மாசம் 20,000ன்னு வச்சா 2,40,000. மிச்சம் 50,000. வருஷ ஆரம்பத்துல கடையில கிடந்த 8,40,000க்கு அது 6 சதவீதம், பேங்க் டெபாசிட் மாதிரி. நீங்க சொன்ன 25,000 வச்சா 10,000 நட்டம். கூலியை எவ்வளவு வைக்கிறதுங்கிறதுலதான் விடை தொங்குது. காலை 6 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு அடைக்கிற ஆளுக்கு 20,000 போதுமாங்கிறதை நான் சொல்ல முடியாது. வீட்டம்மா மத்தியானம் கவுன்டர்ல உக்கார்ந்தா அவங்க கூலியும் இதுல இல்லை.

பில்லிங் அக்கா

எல்லாம் சரி, இந்த 6,20,000 இறுதி இருப்பு யார் எண்ணினது? ரெண்டு வருஷமும் பத்தாயிரத்துல போய் முடியுதே, 5,80,000, 6,20,000. எண்ணி விலை போட்டுக் கூட்டினா 6,17,340ன்னு ஏதாவது வரும்.

அருப்புக்கோட்டை மளிகை

எண்ணவில்லை அக்கா. ஆடிட்டர் ஆபீஸில் போன் செய்து கேட்டார்கள், ரேக்கைப் பார்த்து ஒரு குத்துமதிப்பாகச் சொன்னேன். எம்ஆர்பி மனதில் வைத்துச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஐந்தொகை

அக்கா பிடிச்ச இடம் சரியான இடம். நான் மேல போட்ட கணக்கு எல்லாம் இந்த எண்மேலதான் நிக்குது. இறுதி இருப்பு 50,000 கூடினா மொத்த லாபமும் 50,000 கூடும், பில் எதுவும் மாறாமலே. அடுத்த வருஷம் அதுவே தொடக்க இருப்பா வந்து 50,000த்தைத் திருப்பி எடுத்துக்கும்.

விக்கிற விலையில சொல்லியிருந்தா 6,20,000ங்கிறது அடக்கத்துல 5,30,000தான். ஆனா போன வருஷம் 5,80,000மும் விக்கிற விலையிலேயே சொல்லியிருந்தா அதுவும் 4,96,000 ஆகிடும். ரெண்டு பக்கமும் அதே தப்புன்னா லாபத்துல 6,000தான் குறையும். ஒரு வருஷம் அடக்கம், ஒரு வருஷம் எம்ஆர்பின்னு மாறியிருந்தா 90,000 வரைக்கும் லாபம் பொய். 2,90,000 அப்போ 2 லட்சம் ஆகிடும். போன வருஷ இருப்பு லிஸ்ட் இருக்கா?

அருப்புக்கோட்டை மளிகை

தேடிப் பார்த்தேன். லிஸ்ட் இல்லை சார். 2024 மார்ச்சுக்கு டைரியில் "சரக்கு 5.80" என்று ஒரு வரிதான் இருக்கிறது. அப்பா எழுதியது. அவர் எப்போதும் வாங்கின விலையில்தான் பேசுவார்.

ஐந்தொகை

அப்போ 2024-25ஐ இனி உறுதி பண்ண முடியாது, 2 லட்சத்துக்கும் 2,90,000க்கும் நடுவுல எங்கேயோன்னு வச்சுக்குங்க. 2 லட்சத்துப் பக்கம் சாஞ்சா 17 சதவீதக் கணக்கும் அப்படி நேரா உக்காராது, பையன் விஷயத்துல நான் சொன்னதையும் அந்த அளவுக்குக் குறைச்சு எடுத்துக்குங்க. எடுப்பு 5,60,000 மட்டும் மாறாது. அது லெட்ஜர்லயும் உங்க வீட்டுக் கணக்குலயும் இருக்கு.

இனி செய்யக்கூடியது ஒண்ணு. வர்ற மாசக் கடைசி நாள் கடை அடைச்ச பிறகு எண்ணுங்க. மூட்டை, பெட்டி, ரேக்னு ஒருத்தர் சொல்ல ஒருத்தர் எழுதணும், கடைசியா வந்த கொள்முதல் பில் விலையைப் போடணும். வண்டுபிடிச்ச பருப்பு, தேதி முடிஞ்ச பிஸ்கட்டைத் தனித்தாள்ல எழுதுங்க, அதுக்கு விலை போடாதீங்க. சரியா மூணு மாசம் கழிச்சு அதே மாதிரி இன்னொரு எண்ணிக்கை. நடுவுல வீட்டு நோட்டு ஓடணும். அந்த மூணு மாச மொத்த லாபத்துல ஊகம் எதுவும் கலக்காது.

கல்லாப்பெட்டி

எண்ணுற அன்னிக்குப் பையனையும் கூட வச்சுக்குங்க தம்பி. சந்தேகப்பட்டது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

அருப்புக்கோட்டை மளிகை

சரி அண்ணே. ஒரு சந்தேகம்: கிழங்கு, வெங்காயம், பூண்டு எல்லாம் தினமும் எடை குறையுமே, அதை எந்த விலைக்கு எழுதுவது?

பில்லிங் அக்கா

எண்ணுற நேரத்துல தராசுல என்ன நிக்குதோ அந்த எடை, வாங்கின விலை. குறைஞ்சுபோன எடை தானா மொத்த லாபத்துல தெரியும். அதுக்குன்னு தனி வரி எழுதாதீங்க, ரெண்டு தடவை கழிஞ்சிடும்.